ரீகாயில் ஏன் ‘லக்’ போலத் தெரிகிறது? கைக்குப் பழகும் ஸ்ப்ரே பேட்டர்னை அமைப்பது எப்படி?

கேள்வி: “யூனிட்டியில் சின்னதாக ஒரு ஷூட்டர் கேம் செய்கிறேன். ரைஃபிள் நிமிஷத்துக்கு 600 குண்டு சுடும், மேகசினில் 30. ஒவ்வொரு குண்டுக்கும் 0.6 டிகிரி மேலே தூக்கும், பக்கவாட்டில் -0.3 முதல் 0.3 வரை ரேண்டம். அதோட 1 டிகிரி ஸ்ப்ரெட். விளையாடிப் பார்த்த எல்லாரும் ‘இதுல திறமைக்கு வேலையே இல்ல, எல்லாம் லக்’னு சொல்றாங்க. எண்களைக் குறைச்சா துப்பாக்கி பொம்மை மாதிரி ஆயிடுது. என்ன பண்றது?”

உங்கள் எண்கள் பெரிதா சிறிதா என்பதில் சிக்கல் இல்லை. அவற்றில் எது ரேண்டம், அந்த ரேண்டம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் இருக்கிறது. ஷூட்டர் விளையாட்டுகளில் ஆயுதங்களைச் சீர்செய்யும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். நீங்கள் சொல்லும் புகார் ஏறக்குறைய ஒவ்வொரு முதல் பில்டிலும் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. ரீகாயில் என்பது துப்பாக்கி உதைத்துக் குறி நகர்வது. ஸ்ப்ரெட் என்பது குறி எங்கே இருந்தாலும் குண்டு அதைச் சுற்றி ஒரு கூம்புக்குள் எங்கேயோ போவது. முதலாவதைக் கையால் அடக்க முடியும், இரண்டாவதை யாராலும் அடக்க முடியாது. விளையாடுகிறவருக்கு இரண்டும் “குண்டு நான் சொன்ன இடத்துக்குப் போகவில்லை” என்று ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் முதலில் உங்கள் எண்களிலேயே இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

ஸ்ப்ரெட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எதிரி 25 மீட்டரில் நிற்கிறார், தலையின் ஆரம் 10 செ.மீ. என்று வையுங்கள். மையத்திலிருந்து 1 டிகிரி விலகினால் 25 மீட்டரில் அது ஏறக்குறைய 44 செ.மீ. ஆகிறது. நீங்கள் `Random.insideUnitCircle` பயன்படுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், யூனிட்டியில் பலரும் அதைத்தான் எடுப்பார்கள். அது வட்டத்தின் பரப்பு முழுக்கச் சமமாகத் தூவும். 44 செ.மீ. ஆர வட்டத்தில் 10 செ.மீ. ஆர வட்டம் பிடிக்கும் பங்கு 5 சதவீதம்தான். அதாவது ஒருவர் அசையாமல் நின்று, குறியை மிகச் சரியாகத் தலையில் வைத்து முதல் குண்டைச் சுட்டாலும், 20 முறையில் ஒரு முறைதான் தலையில் படும். ரீகாயில் இன்னும் தொடங்கவே இல்லை. நீங்கள் ரீகாயில் எண்களைக் குறைத்தபோது துப்பாக்கி உதைப்பது நின்றுபோனது, ஆனால் இந்த 5 சதவீதம் அப்படியே இருந்தது. பொம்மை மாதிரியும் ஆகி, லக்காகவும் தொடர்ந்ததற்கு இதுதான் காரணம்.

தூவும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரிவதில்லை. ஆரத்துக்கு ஒரு ரேண்டம், கோணத்துக்கு ஒரு ரேண்டம் என்று தனித்தனியாக எடுத்தால் குண்டுகள் மையத்தில் அடர்த்தியாக விழும். அதே 1 டிகிரியில் தலையில் படும் வாய்ப்பு 5-லிருந்து 23 சதவீதமாக ஏறிவிடும். கூம்பின் அளவு மாறவில்லை, ஆனால் துப்பாக்கி வேறொன்றாகிவிட்டது. ஆகவே “ஸ்ப்ரெட் 1 டிகிரி” என்று மட்டும் சொன்னால் எதுவும் தெரியாது. எப்படித் தூவுகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது ரீகாயில். மேலே தூக்கும் 0.6 டிகிரியில் தவறில்லை. ஒவ்வொரு முறையும் அதே அளவு என்பதால் கை அதை அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளும். பக்கவாட்டு ரேண்டம்தான் விஷயம். அது குறியோடு கூட்டப்படுகிறது. முதல் உதை வலது பக்கம் போனால், இரண்டாவது உதை அந்த வலது இடத்திலிருந்து தொடங்குகிறது. தன் போக்கில் தள்ளாடிக்கொண்டே தெருவில் நடப்பவர் மாதிரி, எவ்வளவு நேரம் நடக்கிறாரோ அவ்வளவு தூரம் நடுக்கோட்டை விட்டு விலகியிருப்பார். கணக்குப் போட்டால், உங்கள் ±0.3 ஒரு உதைக்கு 0.17 டிகிரி திட்டவிலக்கம் தருகிறது. 20 உதைகள் கூடும்போது அது √20 மடங்காகி 0.77 டிகிரி ஆகிறது. 25 மீட்டரில் அது 34 செ.மீ. மனித உடலின் பாதி அகலம் ஏறக்குறைய 25 செ.மீ. என்று வைத்தால், மேலே தூக்குவதை ஒருவர் அச்சுப் பிசகாமல் அடக்கினாலும், 20 உதைகளுக்குப் பிறகு ஏறக்குறைய பாதி முறை குறி உடலை விட்டே வெளியே போயிருக்கும். எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதும் ஒவ்வொரு முறையும் வேறு.

பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கை அசைய மனிதருக்குச் சுமார் 0.2 நொடி பிடிக்கும். உங்கள் துப்பாக்கி 0.1 நொடிக்கு ஒரு குண்டு சுடுகிறது. குறி வலது பக்கம் போனதைப் பார்த்து நீங்கள் இடது பக்கம் இழுக்கும்போது இரண்டு குண்டுகள் போய்விட்டிருக்கும். அவற்றின் உதை ஒருவேளை இடது பக்கமாகவே இருந்திருக்கலாம், அப்போது உங்கள் திருத்தமே தவறைப் பெரிதாக்கும். இந்த வேகத்தில் சுடும் துப்பாக்கியை உதைக்கு உதை எதிர்வினையால் அடக்க முடியாது. அடுத்த உதை எந்தப் பக்கம் என்பது கைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் மட்டுமே அடக்க முடியும். உதைக்கு உதை மாறும் பக்கவாட்டு ரேண்டத்தைப் பெயரளவில் ரீகாயில் என்று சொல்லலாம், ஆனால் விளையாடுகிறவர் கையில் அது ஸ்ப்ரெட்டாகத்தான் வேலை செய்கிறது. ஆக உங்கள் துப்பாக்கியில் இரண்டு ஸ்ப்ரெட்டுகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று சுடச் சுட வளர்ந்துகொண்டே போகிறது.

முதல் மாற்றம் சிறியதுதான். உதையைக் கூட்டிக்கொண்டே போகாமல், எத்தனையாவது குண்டு என்பதை வைத்து ஒரு அட்டவணையிலிருந்து குறியின் இடத்தை எடுங்கள். ரேண்டத்தை அந்த இடத்தைச் சுற்றி மட்டும் வையுங்கள், அடுத்த குண்டுக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

```csharp
Vector2 recoil = pattern[shotIndex];
Vector2 jitter = Random.insideUnitCircle * jitterRadius;
FireAlong(aim + recoil + jitter);
shotIndex = Mathf.Min(shotIndex + 1, pattern.Length - 1);
```

இதில் `pattern` என்பது முதல் குண்டிலிருந்து அளந்த மொத்த விலக்கம், டிகிரியில். `aim` மவுஸ் காட்டும் திசை மட்டும். `jitter` எங்கும் சேமிக்கப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். 5-வது குண்டு ஒரு ஓரமாகப் போனாலும் 6-வது குண்டு தன் இடத்திலிருந்தே தொடங்கும். மொத்த ரேண்டமும் இப்போது `jitterRadius` என்ற ஒரே எண்ணில் வந்துவிட்டது, எண்களைத் திருகும்போது எதைத் தொடுகிறோம் என்பது தெரியும்.

சரி, அட்டவணையில் என்ன எழுதுவது? உங்கள் ரைஃபிளுக்கு நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன். முதல் உதை 0.3 டிகிரி மேலே, இரண்டாவது 0.4. அடுத்த ஏழு உதைகள் 0.7 வீதம், பக்கவாட்டில் ஏதுமில்லாமல். இதுவரை 5.6 டிகிரி ஏறியிருக்கும். அங்கிருந்து ஏற்றம் நின்று, ஐந்து உதைகள் இடது பக்கம் 0.4 வீதம் போகும். பிறகு ஒன்பது உதைகள் வலது பக்கம் 0.4 வீதம். கடைசி ஆறு உதைகள் மீண்டும் இடது பக்கம் 0.3 வீதம். 30 குண்டுகளுக்கு 29 உதைகள், கடைசியில் குறி தொடங்கிய நேர்கோட்டுக்கே ஏறக்குறைய வந்துவிடும். சுவரில் சுட்டால் ஒரு கம்பமும் அதன் உச்சியில் குறுக்குக்கட்டையும் போல இருக்கும். “கீழே இழு, வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் நிறைய, திரும்ப வலது பக்கம்” என்று ஒருவர் நண்பருக்கு வாயால் சொல்லிக்கொடுக்க முடிகிற வடிவம். நான் எப்போதும் இதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்வேன். வாயால் சொல்ல முடியாத வடிவத்தைக் கையும் சீக்கிரம் பிடிப்பதில்லை.

ஒரு பக்கப் போக்கு எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கும் அதே 0.2 நொடிக் கணக்குதான். போக்கு மாறியதை உணர இரண்டு குண்டுகள் போய்விடும், அதற்குப் பிறகு அடக்குவதற்கும் இடம் வேண்டும். அதனால் இந்தச் சுடும் வேகத்தில் நான்கைந்து குண்டுகளுக்குள் திசை மாறும் பேட்டர்னை எழுத மாட்டேன். நிமிஷத்துக்கு 900 குண்டு சுடும் துப்பாக்கி என்றால் ஏழெட்டு ஆக்குவேன். தொடக்க உதைகளைச் சிறியதாக வைத்ததற்கும் காரணம் உண்டு. இரண்டு மூன்று குண்டாகச் சுடுகிறவருக்கு அவ்வளவாகக் கற்காமலேயே துப்பாக்கி வசப்பட வேண்டும். நீளமாகச் சுட விரும்புகிறவர்தான் மீதியைக் கற்க வேண்டும். உதையின் அளவைப் பாருங்கள், பொம்மை மாதிரி எங்கும் இல்லை. மூன்றாவது உதையிலிருந்து ஒன்பதாவது வரை உங்களுடைய 0.6-ஐ விட அதிகமாகவே உதைக்கிறது.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் ஏகே-47 இந்த வழியில் போன துப்பாக்கிகளில் மிகவும் அறியப்பட்டது. அதுவும் 600 குண்டு வேகம், 30 குண்டு மேகசின். முதலில் மேலே ஏறி, பிறகு பக்கவாட்டில் ஆடும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ல் உள்ளூர் சர்வரைத் திறந்து கன்சோலில் `sv_cheats 1`, `weapon_accuracy_nospread 1`, `sv_showimpacts 1` போட்டு ஒரு சுவரில் சுட்டுப் பாருங்கள். ஸ்ப்ரெட் இல்லாமல் வெறும் பேட்டர்ன் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். பிறகு `weapon_accuracy_nospread 0` போட்டுச் சுட்டால், அதே பேட்டர்ன் கொஞ்சம் மங்கலாக வரும். ரீகாயிலும் ஸ்ப்ரெட்டும் எவ்வளவு தனித்தனியானவை என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை. உங்கள் கேமிலும் இப்படி ஒரு சுவிட்சை முதல் வேலையாக வையுங்கள். அந்த விளையாட்டில் ஒரு விஷயத்தை மட்டும் நான் பின்பற்ற மாட்டேன். குண்டு ஏறும் அளவில் ஒரு பகுதியை மட்டுமே கேமரா காட்டும், ஆக குண்டுகள் க்ராஸ்ஹேருக்கு மேலே போகும். பல ஆயிரம் மணி நேரம் விளையாடுகிறவர்களுக்கு அது சரி. புதிதாக வருகிறவர் அதை ஏமாற்றமாகவே உணர்வார். சிறிய கேமில் குண்டு போகும் திசையைக் கேமரா முழுதாகக் காட்டட்டும் என்பது என் கருத்து. இது கணக்கு இல்லை, ரசனை.

இப்போது `jitterRadius`. அதைப் பூஜ்யமாக்கச் சொல்ல மாட்டேன். துப்பாக்கியின் தூரத்தைத் தீர்மானிப்பது அதுதான். முதல் குண்டுக்கு 0.2 டிகிரி வையுங்கள். 25 மீட்டரில் அது 9 செ.மீ., ஆகச் சரியாகக் குறிவைத்தவருக்குத் தலை உறுதி. 50 மீட்டரில் 17 செ.மீ. ஆகிவிடும், அங்கே மூன்றில் ஒரு குண்டுதான் தலையில் படும். பத்தாவது குண்டை எட்டும்போது 0.5 டிகிரிக்கு வளரட்டும், அதற்கு மேல் வேண்டாம். 25 மீட்டரில் அது 22 செ.மீ., உடலின் பாதி அகலத்துக்குள் அடங்குகிறது. அதாவது இந்தப் பேட்டர்னைக் கற்றவர் 25 மீட்டரில் விடாமல் ஸ்ப்ரே செய்து ஒவ்வொரு குண்டையும் உடலில் பதிக்க முடியும். 50 மீட்டரில் முடியாது, சின்னச் சின்னப் பர்ஸ்ட்டாகச் சுட வேண்டும். ரேண்டம் இங்கே தோற்கடிக்கும் கருவியாக இல்லாமல், எந்தத் தூரத்தில் எப்படிச் சுட வேண்டும் என்று சொல்லும் எல்லைக்கோடாக இருக்கிறது. ஓடிக்கொண்டே சுட்டால் ஸ்ப்ரெட் ஏறும்படி வைத்திருந்தால், க்ராஸ்ஹேர் விரிந்து அதைக் காட்டவே வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அபராதம்தான் “லக்” என்ற பெயரை வாங்கித் தரும்.

சுடுவதை நிறுத்தும்போது நடப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நாங்கள் ஒரு முறை இதில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டோம். பேட்டர்ன் நன்றாக இருந்தது, ஆனால் சோதித்தவர்கள் “நிறுத்தினதும் துப்பாக்கி தரையைப் பார்க்குது” என்றார்கள். காரணம் எளிது. துப்பாக்கி 6 டிகிரி தூக்குகிறது, விளையாடுகிறவர் மவுஸால் 5 டிகிரி இறக்கியிருக்கிறார், ஆகப் பார்வை 1 டிகிரிதான் ஏறியிருக்கிறது. நிறுத்தியதும் எங்கள் புரோகிராம் முழு 6 டிகிரியையும் இறக்கியது. அவர் தொடங்கிய இடத்துக்கு 5 டிகிரி கீழே போய் நின்றார். எவ்வளவு நன்றாக அடக்கினாரோ அவ்வளவு மோசமாகத் தண்டிக்கப்பட்டார். சரி செய்தது இப்படி: நிறுத்திய கணத்தில் பார்வை எங்கே இருக்கிறதோ அதையே புதிய `aim` ஆக்கிவிடுவோம், தொடங்கிய இடத்துக்கு மேலே எஞ்சியிருக்கும் அந்த 1 டிகிரியை மட்டும் மெதுவாக இறக்குவோம். அவர் தொடங்கிய இடத்துக்கும் கீழே தானாகவே இழுத்திருந்தால் எதையும் தொடமாட்டோம். கவுன்டர்-ஸ்ட்ரைக் போலத் திருப்பித் தூக்கும் வேலையை விளையாடுகிறவரிடமே விடுவதும் ஒரு முடிவுதான், ஆனால் அதை அறிந்தே எடுக்க வேண்டும்.

அதே நேரத்தில் `shotIndex` என்ன ஆகிறது என்பதும் முக்கியம். பட்டனை விட்டதும் பூஜ்யமாக்கினால், வேகமாகத் தட்டித் தட்டிச் சுடுகிறவருக்கு ரீகாயிலே இருக்காது. அப்படியே வைத்திருந்தால், அடுத்த பர்ஸ்ட் பேட்டர்னின் நடுவிலிருந்து தொடங்கும், அது எந்த இடம் என்று அவருக்குத் தெரியாது. அரை நொடிக்குள் படிப்படியாகக் குறைந்து பூஜ்யத்துக்கு வரும்படி செய்யுங்கள், பாதியில் தொடங்கும் பர்ஸ்ட்டுக்கு அட்டவணையின் அந்த இடத்திலிருந்து மேற்கொண்டு எவ்வளவு நகர்கிறது என்பதை மட்டும் கூட்டுங்கள். துப்பாக்கியின் உருவம் பழைய நிலைக்கு வரும் அசைவும், இந்த எண் பூஜ்யமாவதும் ஒரே கணத்தில் முடியட்டும். துப்பாக்கி அமைதியானதைக் கண் பார்த்தால், அடுத்த குண்டு நேராகப் போகும் என்று கை நம்பும். இரண்டும் விலகியிருந்த பில்டுகளில் பேட்டர்ன் எவ்வளவு நிலையாக இருந்தாலும் “சில நேரம் மட்டும் வேற மாதிரி போகுது” என்ற புகார் வந்துகொண்டே இருந்தது.

நிலையான பேட்டர்னுக்கு ஒரு விலையும் உண்டு. கை கற்றுக்கொள்ளும் எதையும் மவுஸ் மேக்ரோவும் கற்றுக்கொள்ளும். ரஸ்ட் விளையாட்டில் பல வருடம் நிலையான பேட்டர்ன்கள் இருந்தன, அவற்றைத் தானாக அடக்கும் ஸ்கிரிப்ட்கள் பரவின, 2022 ஜூன் அப்டேட்டில் அந்தப் பேட்டர்ன்களையே எடுத்துவிட்டு ரேண்டம் கலந்த ரீகாயிலுக்கு மாற்றினார்கள். மணிக்கணக்கில் பயிற்சி செய்து கற்றவர்களுக்கு அது வருத்தம்தான், நியாயமான வருத்தம். வேலரன்ட் இடைப்பட்ட வழியில் போகிறது: தொடக்கத்தின் ஏற்றம் நம்பகமாக ஒரே மாதிரி இருக்கும், பிறகு பக்கவாட்டில் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் ரேண்டம் உண்டு. ஆனால் திரும்பிய பக்கத்திலேயே சில குண்டுகளுக்கு நீடிப்பதால், மனப்பாடம் செய்ய முடியாவிட்டாலும் பார்த்துப் பின்தொடர முடியும். முன்பின் தெரியாதவர்கள் ரேங்குக்காக மோதும் கேம் என்றால் நானும் அதையே செய்வேன்: கம்பத்தை மாற்றாமல், குறுக்குக்கட்டை முதலில் இடமா வலமா என்பதை மட்டும் ஸ்ப்ரேக்கு ஒரு முறை ரேண்டமாக்குவேன். நண்பர்களுக்குள் ஆடும் கேமுக்கு அது தேவையில்லை.

மாற்றிய பிறகு சரியாயிற்றா என்பதைக் கருத்துக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், இரண்டு சோதனைகள் செய்யுங்கள். 10 மீட்டரில் ஒரு சுவர், மவுஸைத் தொடாமல் முழு மேகசின், இருபது முறை. ஒவ்வொரு குண்டு எண்ணுக்கும் ஒரு நிறம் கொடுங்கள். 12-வது குண்டின் இருபது புள்ளிகளும் ஒரு சிறு கூட்டமாகச் சேர்ந்து, 15-வது குண்டின் கூட்டத்திலிருந்து கண்ணால் பிரித்தறியும்படி இருக்க வேண்டும். மேலே சொன்ன எண்களில் மூன்று உதைகள் 1.2 டிகிரி நகர்த்துகின்றன, கூட்டத்தின் ஆரம் 0.5, ஆகப் பிரிந்து தெரியும். உங்கள் இப்போதைய பில்டில் அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, மேலே போகப் போகப் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போகும். அடுத்து, துப்பாக்கியை இதற்கு முன் தொடாத நான்கைந்து பேரை 25 மீட்டரில் நிற்கும் பொம்மை மேல் ஐம்பது ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை குண்டு பட்டது என்று எழுதி வையுங்கள். முதல் பத்துக்கும் கடைசிப் பத்துக்கும் இடையே எண்ணிக்கை ஏறினால் துப்பாக்கி கற்றுக்கொடுக்கிறது. ஏறவே இல்லை என்றால் `jitterRadius`-ஐப் பூஜ்யமாக்கி மறுபடி ஐம்பது அடிக்கச் சொல்லுங்கள். அப்போது ஏறினால் ஸ்ப்ரெட் அதிகம். அப்போதும் ஏறவில்லை என்றால் பேட்டர்னில் திசை மாறும் இடங்களைக் குறைத்து, ஒவ்வொரு போக்கையும் இரண்டு மூன்று குண்டு நீட்டிப் பாருங்கள்.